பாட்டிலைத் திறப்பதற்கு முன்பு: கேலகர் வழக்கு

கேலகர் மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருந்தவர். தன்னை அங்கே அனுப்பியதில் மனைவிக்குப் பங்கு இருக்கிறது என்று அவருக்கு அவள்மேல் தீராத கோபம். அவளைக் கொல்வதென்று முடிவு செய்தார். ஒரு கத்தியும் ஒரு பாட்டில் விஸ்கியும் வாங்கினார். விஸ்கியைக் குடித்தார். பிறகு மனைவியைக் கொன்றார்.

நடந்தது இவ்வளவுதான். யார் செய்தது என்பதில் சந்தேகமே இல்லை. நீதிமன்றத்தில் அவர் தரப்பு சொன்னது இரண்டு. ஒன்று, கொன்ற நேரத்தில் அவருக்குச் சித்த சுவாதீனம் இல்லை. இரண்டு, சுவாதீனம் இருந்தது என்றே வைத்தாலும், கொல்லும் எண்ணமே உருவாக முடியாத அளவுக்கு அவர் போதையில் இருந்தார். ஜூரி இரண்டையும் ஏற்கவில்லை; கொலைக்குற்றம் என்றது. வட அயர்லாந்தின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அரசுத் தரப்பு லண்டனுக்குப் போனது. அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை, 1961-இல் கொலைத் தீர்ப்பை மறுபடி நிலைநிறுத்தியது. வட அயர்லாந்து அட்டர்னி ஜெனரல் எதிர் கேலகர் என்பது வழக்கின் பெயர்.

மனநோய், போதை இரண்டும் சட்டத்தில் தனித்தனிப் பாடங்களாகத்தான் கற்பிக்கப்படுகின்றன. நிஜ வழக்குகளில் அவை பெரும்பாலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுதான் வருகின்றன. கேலகர் வழக்கில் அந்தப் பின்னல் வெளிப்படையாகத் தெரிகிறது. விதிகள் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பதை இந்த ஒரே வழக்கை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

மருத்துவர்கள் சொன்னதும் சட்டம் கேட்டதும்

கேலகர் ஒரு சைக்கோபாத் என்பது மருத்துவச் சாட்சியம். நோய் சாதாரண வேளைகளில் அடங்கிக் கிடக்கும். கோபம் வந்தால் அவருடைய சுயக்கட்டுப்பாடு மற்றவர்களைவிட எளிதில் உடையும். குடி சேர்ந்தால் இன்னும் மோசமாக வெடிக்கும். கேட்பவருக்கு இது போதும் என்றுதான் தோன்றும். நோய் இருக்கிறது, அந்த நோயால்தான் வெடித்தார். வேறென்ன வேண்டும்?

சட்டத்துக்கு வேறொன்று வேண்டும். 1843-இல் டேனியல் மக்நாட்டன் என்பவர் பிரிட்டிஷ் பிரதமர் ராபர்ட் பீல் என்று நினைத்து அவருடைய செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டார். ஆளும் கட்சி தன்னைத் துரத்தி வேட்டையாடுகிறது என்பது அவருடைய பிரமை. ஜூரி அவரை விடுவித்ததும் நாட்டில் பெரும் கொந்தளிப்பு. பிரபுக்கள் சபை நீதிபதிகளிடம் ஐந்து கேள்விகளை எழுப்பிப் பதில் வாங்கியது. அந்தப் பதில்களைத்தான் மக்நாட்டன் விதி என்கிறோம்.

விதி இப்படிப் போகிறது. எல்லோரும் சித்த சுவாதீனம் உள்ளவர்கள் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். அவர் காட்ட வேண்டியது, அந்தச் செயலைச் செய்த நேரத்தில் மனநோயால் தன் பகுத்தறிவு பழுதுபட்டிருந்தது என்பது. அந்தப் பழுதால், தான் என்ன செய்கிறோம் என்பதே தெரியவில்லை, அல்லது அது தெரிந்தும் அது தவறு என்பது தெரியவில்லை என்பது.

கவனித்துப் பார்த்தால், விதி முழுக்க ‘தெரிந்ததா’ என்ற கேள்வியில்தான் நிற்கிறது. ‘அடக்க முடிந்ததா’ என்று எங்கும் கேட்கவில்லை. கேலகரின் மருத்துவர்கள் பதில் சொன்னது இரண்டாவது கேள்விக்கு. கத்தி என்பது கத்தி என்றும், மனைவி என்பவள் மனைவி என்றும், அவளைக் கொன்றால் அது கொலை என்றும் கேலகருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமலா கோபத்துக்குப் பழிவாங்கத் திட்டம் போட்டார்? நோய் அவருடைய கட்டுப்பாட்டைத் தொட்டது, அறிவைத் தொடவில்லை. எனவே மக்நாட்டன் விதியின் வாசலுக்கே அவரால் வர முடியவில்லை.

இது கொஞ்சம் கொடூரமாகத் தெரியலாம். இங்கிலாந்திலேயே சிலருக்கு அப்படித் தெரிந்ததால்தான் 1957-இல் ‘குறைந்த பொறுப்பு’ என்ற வேறொரு வழி சட்டத்தில் வந்தது. மனக்கோளாறு ஒருவரின் பொறுப்பைக் கணிசமாகக் குறைத்திருந்தால் கொலைக்குற்றம் அதைவிடக் குறைந்த மரணம் விளைவித்த குற்றமாக மாறும். 1960-இல் பைர்ன் என்பவரின் வழக்கில், உந்துதலை அடக்க முடியாமையும் இதில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தச் சட்டம் அப்போது வட அயர்லாந்தில் இல்லை. அங்கே அது 1966-இல்தான் வந்தது. கேலகரின் மருத்துவர்கள் கொடுத்த சாட்சியம் உட்கார ஓர் இடம் இருந்தது, ஆனால் கடலுக்கு அந்தப்பக்கம். அதனால்தான் அவருடைய வழக்கறிஞர்கள் பொருந்தாத ஒரு சட்டையை எப்படியாவது அவருக்கு மாட்டிவிடப் பார்த்தார்கள்.

குடியின் வழி

சரி, போதை என்ன செய்யும்? இங்கே சட்டம் இன்னும் முறைப்பாக நிற்கிறது. குடித்ததால் தைரியம் வந்தது, நிதானம் போனது, நிதானமாக இருந்தால் செய்திருக்க மாட்டேன் என்பதெல்லாம் தற்காப்பே கிடையாது. 1920-இல் பியர்ட் வழக்கில் பிரபுக்கள் சபை சொன்னதன் சாரம் இது: குற்றத்துக்குத் தேவையான குறிப்பிட்ட உள்நோக்கத்தையே உருவாக்க முடியாத அளவுக்குப் போதை இருந்தால் மட்டுமே அது கணக்கில் வரும். பின்னால் வந்த வழக்குகள் கேள்வியை இன்னும் தெளிவாக்கின. அந்த ஆளுக்கு முடிந்ததா என்பதைவிட, உண்மையில் அவருக்கு அந்த எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி. போதையில் வந்த எண்ணமும் எண்ணம்தான்.

கேலகர் வழக்குத் தீர்ப்பில் டென்னிங் பிரபு இரண்டு உதாரணங்கள் சொன்னார். ஞானஸ்நான விருந்தில் அளவுக்கு மீறிக் குடித்த தாதி, கையிலிருந்த குழந்தையை விறகுக்கட்டை என்று நினைத்து நெருப்பில் வைத்துவிடுகிறாள். இன்னொருவன் குடிபோதையில், கட்டிலில் படுத்திருக்கும் நண்பனை நாடகத்துப் பொம்மை என்று எண்ணிக் குத்துகிறான். இருவருக்கும் கொல்லும் எண்ணம் இல்லை. கொல்ல எதிரே ஒரு மனிதர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. எனவே கொலை இல்லை. ஆனாலும் விடுதலையும் இல்லை. அதைவிடக் குறைந்த குற்றம் அவர்கள் தலையில் விழும்.

இதற்கு நிஜ உதாரணமும் உண்டு. 1960-களின் இறுதியில் லிப்மன் என்பவரின் வழக்கு. எல்.எஸ்.டி. எடுத்துக்கொண்டு, தான் பூமியின் நடுவுக்கே இறங்கிப் பாம்புகளோடு போராடுவதாக அவர் உணர்ந்தார். விழித்துப் பார்த்தபோது உடனிருந்த பெண் இறந்து கிடந்தாள். வாயில் படுக்கை விரிப்புத் திணிக்கப்பட்டிருந்தது. கொலைக்குற்றத்திலிருந்து தப்பினார், குறைந்த குற்றத்திலிருந்து தப்பவில்லை. 1976-இல் மஜெவ்ஸ்கி வழக்கு இதை விதியாகவே எழுதியது: கொலை போலக் குறிப்பிட்ட உள்நோக்கம் தேவைப்படும் குற்றங்களில் போதையை எடுத்துப் பார்க்கலாம், அது தேவைப்படாத, அடிதடி போன்ற அடிப்படைக் குற்றங்களில், தானே விரும்பி ஏற்றிக்கொண்ட போதைக்கு இடமே இல்லை.

தர்க்கப்படி இந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமில்லை என்று சட்டப் பேராசிரியர்கள் அன்றிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணம் இல்லை என்றால் இல்லைதானே, அது குற்றத்தின் பெயரைப் பொறுத்து எப்படி மாறும்? நியாயமான கேள்விதான். மஜெவ்ஸ்கி தீர்ப்பின் நீதிபதிகளே, தர்க்கத்தைவிட நடைமுறையும் பொதுமக்கள் பாதுகாப்புமே தங்கள் முடிவுக்கு அடித்தளம் என்பதை மறைக்கவில்லை. குடித்தவர்கள் செய்யும் வன்முறையைத்தான் குற்றவியல் நீதிமன்றங்கள் அதிகம் பார்க்கின்றன. குடித்ததையே சாக்காக ஏற்றால் அவர்களில் பெரும்பாலோர் சும்மா வெளியே போவார்கள்.

எந்த நிமிடத்தைப் பார்ப்பது?

இப்போது கேலகரின் நிஜமான சிக்கலுக்கு வருவோம். விசாரணை நீதிபதி ஜூரியிடம் பேசும்போது, விஸ்கி குடிப்பதற்கு முந்தைய நிலையைப் பார்த்து மக்நாட்டன் கேள்வியைக் கேளுங்கள் என்ற பொருள் வரும்படி பேசினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அங்கேதான் பிடித்தது. விதி சொல்வது ‘செயலைச் செய்த நேரத்தில்’ என்று. கொன்ற நேரம் வேறு, குடிக்கத் தொடங்கிய நேரம் வேறு. தவறான நேரத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், ஆகவே தீர்ப்பு செல்லாது.

மேலோட்டமாகப் பார்த்தால் இந்த வாதம் அசைக்க முடியாதது. குற்றச் செயலும் குற்ற எண்ணமும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது குற்றவியல் சட்டத்தின் ஆணிவேர். திங்கட்கிழமை ஒருவனைக் கொல்ல நினைத்து மனம் மாறிய ஆள், வெள்ளிக்கிழமை தற்செயலாகக் காரில் அவன்மேல் மோதினால் அது கொலை ஆகாது.

டென்னிங்கின் பதிலை என் சொற்களில் தருகிறேன். சுவாதீனத்தோடும் நிதானத்தோடும் இருக்கும்போது ஒருவன் கொல்ல முடிவு செய்கிறான், அதற்கான ஏற்பாட்டையும் செய்கிறான், அது தவறு என்றும் அவனுக்குத் தெரியும். பிறகு தைரியத்துக்காகக் குடிக்கிறான், அந்தப் போதையிலேயே நினைத்ததை முடிக்கிறான். அவன் தானே வரவழைத்த போதையைக் காட்டிக் கொலையிலிருந்து தப்ப முடியாது. குற்றத்தைக் குறைக்கவும் முடியாது. அவன் சைக்கோபாத்தாக இருந்தாலும் இதேதான். குடித்ததால் வந்த அறிவுப் பழுதை மனநோயின் கணக்கில் எழுத முடியாது. குடிக்கும் முன் மனதில் இருந்த தீமையும், அவன் நினைத்தபடியே செய்த செயலும் சேர்ந்து அவனைக் குற்றவாளியாக்கப் போதும்.

டென்னிங் இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு அதிகம் தைத்தது. கொல்லும் எண்ணமே இல்லாமல் குடிக்கத் தொடங்கி, போதையில் ஒருவரைக் கொன்றுவிடும் ஆளுக்கே, போதை தன் புத்தியைத் திரித்தது என்ற வாதம் உதவுவதில்லை. முதலிலேயே கொல்ல நினைத்து அதற்காகவே குடித்தவன் அவனைவிட மோசமானவன். மோசமானவனுக்கு மட்டும் ஏன் சலுகை?

இதில் ஒரு விரிசல் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கொன்ற நிமிடத்தில் கேலகருக்கு உண்மையிலேயே எந்த எண்ணமும் இல்லாமல் போயிருந்தால், முந்தைய எண்ணத்தை இழுத்து வந்து ஒட்டுவது ஆணிவேரான விதியைக் கொஞ்சம் வெட்டுவதுதான். பல விமர்சகர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். என் கருத்தில், நடைமுறையில் அந்த விரிசல் திறப்பதே அரிது. யாரைக் கொல்ல நினைத்தாரோ அவரையே, நினைத்தபடியே கொன்ற ஒருவரைப் பற்றி, அந்த நேரத்தில் அவருக்கு எண்ணமே இல்லை என்று எந்த ஜூரி நம்பும்? திட்டம் நிறைவேறியதே எண்ணம் அழியவில்லை என்பதற்குச் சாட்சி. கேலகர் விறகுக்கட்டை என்று எண்ணி மனைவியைத் தாக்கியிருந்தால் கதை வேறு.

இரண்டு அரைகள் சேர்ந்தால்?

கேலகர் தரப்பின் வாதத்தில் உண்மையில் புதிதாக இருந்தது, இரண்டு குறைகளைக் கூட்டிப் பார்க்கும் முயற்சி. நோய் மட்டும் போதவில்லை, குடி மட்டும் போதவில்லை. ஆனால் நோயாளி குடித்தான், குடி நோயைக் கிளப்பியது, இரண்டும் சேர்ந்து அறிவை மறைத்தன. சேர்த்துப் பார்த்தால் சுவாதீனம் இல்லைதானே?

சட்டம் இந்தக் கூட்டலை மறுத்ததற்குக் காரணம் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு விதிகளும் வெவ்வேறு அடிப்படையில் நிற்கின்றன. மனநோயாளியை மன்னிப்பது, அந்த நிலைக்கு அவர் காரணமில்லை என்பதால். போதையை மன்னிக்காதது, அந்த நிலையை அவரே வரவழைத்தார் என்பதால். அறிவை மறைத்தது எது என்று கேட்டால் பதில் விஸ்கி. விஸ்கியை எடுத்துவிட்டால் அவருடைய நோய் அறிவை மறைத்ததே இல்லை. எனவே அந்த நிலை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், கடைசியில் ஒரு சொந்த முடிவில்தான் போய் நிற்கிறோம்.

தன் உடம்புக்குக் குடி ஆகாது என்று தெரிந்தவர் குடிப்பது, தெரியாதவர் குடிப்பதைவிடப் பொறுப்பைக் கூட்டத்தான் செய்யும். நோய் இருப்பது இங்கே அவருக்கு உதவாததோடு, கொஞ்சம் எதிராகவும் திரும்புகிறது.

நடத்தையிலிருந்து மனதைப் படிப்பது

கேலகர் வழக்கில் முன்தயாரிப்பு இருந்ததால் வேலை சுலபம். அது இல்லாத வழக்குகளில் நீதிமன்றம் எதைப் பார்க்கிறது? இதற்கு இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1956-ஆம் ஆண்டு பாஸ்தேவ் வழக்கு நல்ல பாடம்.

ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர் கல்யாண விருந்தில் நன்றாகக் குடித்திருந்தார். வசதியாக உட்கார ஓர் இடம் வேண்டி, அங்கே இருந்த பதினைந்து பதினாறு வயதுச் சிறுவனை நகரச் சொன்னார். அவன் நகரவில்லை. துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டார். சிறுவன் இறந்தான். போதை உச்சத்தில் இருந்தார், எனவே கொல்லும் உள்நோக்கம் இல்லை என்பது வாதம்.

நீதிமன்றம் அவர் நடந்துகொண்ட விதத்தைக் கோத்துப் பார்த்தது. சில சமயம் தள்ளாடினார், உளறினார், உண்மைதான். ஆனால் விருந்துக்குத் தானாகவே வந்து சேர்ந்தார். தனக்கு எந்த இடம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தார். சுட்ட பிறகு தப்பியோடப் பார்த்தார். பிடிபட்டதும், தன்னால் நடந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். இதெல்லாம் தெரிந்த மனிதனின் நடத்தை. கொலைக்குற்றத் தீர்ப்பு நிலைத்தது.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 24, இதில் ஒரு நுட்பமான ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. தானாகக் குடித்தவருக்கு நிதானமாக இருந்தால் என்ன தெரிந்திருக்குமோ அதெல்லாம் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உள்நோக்கத்தை மட்டும் அப்படிக் கடன் கொடுக்காது. அதைச் சூழ்நிலையிலிருந்து, போதையின் அளவையும் கணக்கில் எடுத்து, நீதிமன்றம் ஊகிக்க வேண்டும். ஆங்கிலேயச் சட்டம் குற்றங்களை இரண்டு வகையாகப் பிரித்துச் செய்ததை, இந்தியச் சட்டம் அறிவையும் உள்நோக்கத்தையும் பிரித்துச் செய்கிறது. போய்ச் சேரும் இடம் பெரிதாக மாறுவதில்லை. பிறர் தெரியாமல் கலந்து கொடுத்த போதைக்கு மட்டும் தனி விதி இருக்கிறது, அது 85, இப்போது 23.

மனநோய் வழக்குகளிலும் பார்வை இதுதான். செயலுக்கு முன், செயலின்போது, செயலுக்குப் பின் என்று மூன்று கட்டமாக நடத்தையைப் பார்க்கிறார்கள். ஆயுதத்தை ஒளித்தாரா, ஓடினாரா, பொய் சொன்னாரா, அல்லது இரத்தத்தோடு அங்கேயே உட்கார்ந்து தொடர்பில்லாமல் பேசிக்கொண்டிருந்தாரா. நோய் இருக்கிறது என்ற மருத்துவச் சான்று மட்டும் யாரையும் விடுவிக்காது. மருத்துவர் நோயைச் சொல்வார். அந்த நோய் அந்த நேரத்தில் என்ன தெரியாமல் செய்தது என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

இறுக்கத்துக்கு விலை

விதி ஏன் இவ்வளவு இறுக்கம் என்பதற்கு மூன்று காரணங்கள் இந்த வழக்கிலேயே தெரிகின்றன. கேட்கப்படும் தற்காப்பு முழுக்க ஒருவரின் தலைக்குள் இருப்பதைப் பற்றியது, பெரும்பாலும் பிடிபட்ட பிறகு அவரே சொல்லும் கதை. அடக்க முடியாத உந்துதலையும் அடக்காமல் விட்ட உந்துதலையும் பிரித்துக் காட்ட நம்பகமான அளவுகோல் யாரிடமும் இல்லை. அப்புறம், பாதி வெற்றி என்று ஒன்று மனநோய்த் தற்காப்பில் கிடையாது: ஜெயித்தால் அவர் குற்றவாளியே இல்லை. அந்தக் கடைசிக் காரணத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மனநோயால் குற்றவாளி இல்லை என்ற தீர்ப்பு வீட்டுக்குப் போகும் சீட்டாக இருந்ததில்லை. மக்நாட்டன் 1865-இல் இறக்கும்வரை, அதாவது 22 ஆண்டுகள், காவலில்தான் இருந்தார்.

விலையும் இருக்கிறது. 1952-இல் விண்டில் வழக்கு. தற்கொலை பற்றியே ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனைவிக்குக் கணவர் நூறு ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார். அவருக்கு மனநோய் இருந்தது என்பதை இருதரப்பு மருத்துவர்களும் ஏற்றார்கள். ஆனால் போலீஸிடம், இதற்காக என்னைத் தூக்கில் போடுவார்கள் என்று நினைக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி சொல்லிவிட்டார். அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது: செய்தது சட்டவிரோதம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தற்காப்பு விழுந்தது. தன் செயல் ஒழுக்கப்படி சரி என்று நோயால் நம்பினாரா என்பது பொருட்டில்லை என்றது நீதிமன்றம். அதே ஆண்டு ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் இந்தப் பார்வையை ஏற்க மறுத்தது. கடவுளின் குரல் கட்டளையிட்டதாக நம்பிக் கொல்லும் நோயாளி, அது சட்டப்படி கொலை என்று தெரிந்துதான் கொல்கிறார். அவரைக் கேலகரோடு ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது எனக்கும் சரியாகப் படவில்லை. கேலகர் விஷயத்தில் பொருந்தும் இறுக்கம் இங்கே பொருந்துவதில்லை.

குடி எப்போது நோயாகிறது

கேலகருக்குப் பிறகு மிஞ்சும் கடினமான கேள்வி இது. குடியே நோயை உருவாக்கிவிட்டால்? நீண்ட நாள் குடித்தவருக்கு வரும் டெலீரியம் டிரெமென்ஸ் போன்ற நிலைகளில் நடுக்கமும் பயங்கரமான பிரமைகளும் வரும். 1881-இல் டேவிஸ் வழக்கிலேயே நீதிபதி ஸ்டீபன், குடிபோதை வேறு, குடி கொண்டுவரும் நோய்கள் வேறு என்று சொல்லி, அந்த நோய் மக்நாட்டன் விதிக்குள் வரும் என்றார். குடித்தது அவருடைய தவறுதான், ஆனாலும் இப்போது இருப்பது நோய்.

கோடு எங்கே விழுகிறது என்பதை 2013-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றாக விசாரித்த மூன்று வழக்குகளில் இரண்டு காட்டுகின்றன. கோலி என்ற இளைஞன் கடுமையான கஞ்சா எடுத்துக்கொண்டு, தற்காலிகமான மனப்பிறழ்வு நிலையில் பக்கத்து வீட்டில் புகுந்து கத்தியால் தாக்கினான். அந்த நிலை, தானே எடுத்த பொருளின் நேரடி விளைவு. நோய் என்ற வழி மூடப்பட்டது. ஹாரிஸ் வேறு மாதிரி. பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டு நிறுத்தியிருந்தார். நிறுத்திய பிறகு வந்த மனப்பிறழ்வில், குரல்கள் கேட்டுத் தன் வீட்டுக்கே தீ வைத்தார். அந்த நேரத்தில் அவர் உடம்பில் போதை இல்லை. உயிருக்கு ஆபத்து வரும் என்று பொருட்படுத்தாமல் தீ வைத்தார் என்ற தண்டனைத் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்தது. போதையில் இருப்பவருக்கான மஜெவ்ஸ்கி விதியை, போதை தெளிந்தபின் நோயில் இருப்பவர்மேல் நீட்ட முடியாது என்பது காரணம்.

ஹாரிஸின் குடியும் சொந்தத் தவறுதான், கேலகரின் விஸ்கியைப் போல. வித்தியாசம், கேலகர் செயலுக்காகவே குடித்தார், போதை அந்தச் செயலோடு ஒட்டி நின்றது. ஹாரிஸுக்குக் குடி முடிந்து, நடுவில் ஒரு நோய் வந்து நின்றது. இனிமேல் வரும் வழக்குகளில், அந்த நடுவில் எத்தனை மணி நேரம் போதும், இரத்தத்தில் எவ்வளவு மிச்சமிருந்தால் அது இன்னும் போதை என்பதையெல்லாம் வழக்குக்கு வழக்கு மருத்துவர்களைக் கேட்டுத்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.